ரிஸ்க் ப்ரொஃபைல் கேள்விகளுக்கு என்ன பதில் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் சொசைட்டியில் யாராவது புதிதாக மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு தொடங்கினால் அன்று இரவே எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துவிடும். பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாகப் போட்டிருப்பார்கள். பணம் எதற்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு நஷ்டம் வந்தால் தாங்குவீர்கள் என்று கேட்கும் ரிஸ்க் ப்ரொஃபைல் பக்கத்தில் வந்து நின்றிருப்பார்கள். மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களும் இதே பக்கத்தைத்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, ஒவ்வொருவரிடமும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இதுவும் கேஒய்சிதானா? தப்பா போட்டா அக்கவுண்ட் ரிஜெக்ட் ஆயிடுமா?

ஆகாது, இது வேறு. கேஒய்சி என்பது நீங்கள் யார் என்று உறுதி செய்வது. அங்கே கேட்கும் தொழில், வருமான வரம்பு எல்லாம் சட்டப்படி கொடுக்க வேண்டிய தகவல்கள். ரிஸ்க் ப்ரொஃபைலில் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு மதிப்பெண் இருக்கிறது, கடைசியில் கூட்டி ‘கன்சர்வேடிவ்’, ‘மாடரேட்’, ‘அக்ரசிவ்’ என்று ஒரு பெயர் வைக்கிறார்கள், அந்தப் பெயரை வைத்துத்தான் உங்களுக்கு எந்த ஃபண்டை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ‘அக்ரசிவ்’ வந்தால் கெட்டிக்காரர் என்றோ ‘கன்சர்வேடிவ்’ வந்தால் பயந்தவர் என்றோ அர்த்தமும் கிடையாது.

ஏஜெண்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் ப்ளானை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கும் சில ஆப்களில் இந்தக் கேள்விகள் வராமலே போகலாம். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரிடம் போனால் நிச்சயம் வரும். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவர் உங்கள் ரிஸ்க் ப்ரொஃபைலை எடுத்து, முடிவை உங்களுக்குத் தெரிவித்து, அதற்குப் பொருந்துவதை மட்டுமே பரிந்துரைக்க வேண்டும். ஆப் கேட்காவிட்டாலும் இந்தக் கேள்விகளை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பதில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நோக்கம்னு மூணு ஆப்ஷன் இருக்கு. முதல் பாதுகாப்பா இருக்கணும், மாசம் வருமானம் வரணும், வளரவும் வளரணும். எதை டிக் பண்றது?

மூன்றும் வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் மொத்தப் பணத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறீர்கள் என்று பொருள். முதலில் இந்தக் கணக்கில் போடப்போகும் பணம் எது என்று பிரியுங்கள். அடுத்த வருஷம் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணமென்றால் ‘முதல் பாதுகாப்பு’தான், வேறு பேச்சில்லை. ஓய்வுபெற்ற பிறகு மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யப்போகும் பணமென்றால் ‘வருமானம்’. பல வருஷம் தொடாத பணமென்றால் ‘வளர்ச்சி’. ஒரு பணத்துக்கு ஒரு நோக்கம் என்று வைத்தால் விடை தானாக வந்துவிடும்.

‘வருமானம்’ என்று டிக் செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு டிவிடெண்ட் ஆப்ஷன் என்று இருந்ததை 2021 ஏப்ரல் முதல் செபி பெயர் மாற்றச் சொன்னது. புதுப்பெயர் சுருக்கமாக ஐடிசிடபிள்யூ, அதில் ‘மூலதனம் எடுத்தல்’ என்ற சொல்லே இருக்கிறது. ஃபண்ட் உங்கள் கையில் 2 ரூபாய் கொடுத்தால் யூனிட்டின் மதிப்பு அந்த 2 ரூபாய் குறையும். வங்கி வட்டி மாதிரி முதல் அப்படியே இருக்க மேலே வந்து சேரும் காசு அல்ல அது.

எனக்கு வயசு 33. ரிட்டயர் ஆக இன்னும் 27 வருஷம் இருக்கு. அப்போ ‘பத்து வருஷத்துக்கு மேல்’தானே போடணும்?

கால அளவு கேட்பது உங்கள் வயதை அல்ல, இந்தப் பணத்தை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்பதை. என் சித்தி மகன் முலுண்டில் வாடகை வீட்டில் இருக்கிறான், அவன் விஷயத்தையே சொல்கிறேன். அவனும் மனைவியும் வேலை பார்க்கிறார்கள், நாலு வயதில் ஒரு மகள். அவசரத்துக்கு 3 லட்சம் தனியாக வைத்துவிட்டு, எஃப்டியில் இருந்த 14 லட்சத்தை ஃபண்டில் போட வந்தான். மகளின் காலேஜை நினைத்து ‘பத்து வருஷத்துக்கு மேல்’ என்று போட்டான். முடிவு ‘அக்ரசிவ்’ என்று வந்தது. 80 சதவீதம் ஈக்விட்டி, அதாவது பங்குகளில் போடும் ஃபண்ட், என்று ஆப் காட்டியது. அதாவது 11.2 லட்சம்.

அப்புறம் பேச்சுவாக்கில், மூன்று வருஷத்தில் அதே பக்கம் 80 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் வாங்கப்போவதாகச் சொன்னான். கணக்குப் போட்டோம். வங்கி 80 சதவீதம் கடன் கொடுத்தால் மீதி 16 லட்சம் கையிலிருந்து. மும்பையில் ஸ்டாம்ப் டூட்டி 6 சதவீதம், அது 4.8 லட்சம், ரிஜிஸ்ட்ரேஷன் 30,000. இந்த இரண்டையும் வீட்டின் விலையில் சேர்த்து வங்கி கடன் தராது. ஆக மொத்தம் சுமார் 21 லட்சம் வேண்டும். அவனிடம் இருப்பது அந்த 14 லட்சம்தான். அப்படியென்றால் இந்தப் பணத்தின் கால அளவு மூன்று வருஷம், பத்து அல்ல. 2020 மாதிரி ஒரு வீழ்ச்சி வந்து ஈக்விட்டி 38 சதவீதம் இறங்கினால் 11.2 லட்சத்தில் சுமார் 4.25 லட்சம் குறையும். பில்டரிடம் புக்கிங் பண்ணும் மாதத்தில் அப்படி நடந்தால் சந்தை ஏறும்வரை அவர் காத்திருக்கமாட்டார்.

பதிலை மாற்றிப் போட்டான். 14 லட்சம் எஃப்டியிலும், லிக்விட், மணி மார்க்கெட் என்ற குறுகிய காலக் கடன்பத்திர ஃபண்டுகளிலும் இருக்கிறது. பாக்கி 7 லட்சத்துக்கு மாதம் 19,500 ரூபாய் சேர்க்க வேண்டும், வட்டி வருவதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மகள் காலேஜுக்கு மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, இதற்கு மட்டும்தான் 14 வருஷக் கணக்கு, இது முழுக்க ஈக்விட்டி.

காலேஜ் ஃபீஸ் ஒரே நாள்ல கட்டறது இல்லையே, நாலு வருஷம் கட்டணும். கால அளவுல எந்த வருஷத்தைப் போடணும்?

முதல் தவணை வெளியே போகும் நாள்தான் கணக்கு. 2038இல் முதல் ஃபீஸ், 2041இல் கடைசி ஃபீஸ் என்றால் படிவத்தில் 2038 வரை எத்தனை வருஷமோ அதைப் போடுங்கள். கடைசி வருஷத்து ஃபீஸ் பணம் இன்னும் கொஞ்ச நாள் ஈக்விட்டியில் இருந்தால் பரவாயில்லை, அது உங்களுக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு.

இன்னொன்று, இந்தக் கால அளவு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும், ஆனால் நீங்கள் போட்ட பதில் அப்படியே நிற்கும். இன்று ‘14 வருஷம்’ என்று சரியாகப் போட்டவர் பத்து வருஷம் கழித்தும் அதே ‘அக்ரசிவ்’ பெயரோடு, நாலு வருஷத்தில் தேவைப்படும் பணத்தை முழுக்க ஈக்விட்டியில் வைத்திருப்பார். முதல் ஃபீஸுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது பதிலை மாற்றி, பணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற ஆரம்பியுங்கள்.

ஒரே அக்கவுண்ட்ல ஒரே ப்ரொஃபைல்தான் போட விடுது. எனக்கு மூணு கோல் இருக்கே?

சில இடங்களில் ஒவ்வொரு இலக்குக்கும் தனியாகக் கேள்வி கேட்பார்கள், அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், இந்தக் கணக்கில் எந்த இலக்குக்கான பணம் அதிகமோ அதற்கு ஏற்ற பதிலைப் போடுங்கள். மூன்று வருஷத்தையும் பதினைந்து வருஷத்தையும் கூட்டி வகுத்து ‘ஒன்பது வருஷம்’ என்று மட்டும் போடாதீர்கள். அந்தப் பதில் இரண்டு இலக்குக்கும் பொருந்தாது, வீட்டுப் பணத்துக்கு ரிஸ்க் அதிகமாகவும் காலேஜ் பணத்துக்குக் குறைவாகவும் போய்விடும்.

சித்தி மகன் செய்தது இதுதான். வீட்டுப் பணம் முக்கால்வாசி எஃப்டியில், அதாவது இந்தக் கணக்குக்கு வெளியே. லிக்விட் ஃபண்டை வேறொரு ஃபோலியோவில், அதாவது ஃபண்ட் ஹவுஸ் கொடுக்கும் வேறொரு கணக்கு எண்ணில் வாங்கினான், ஒரே ஃபண்ட் ஹவுஸிலேயே இரண்டு ஃபோலியோ வைத்துக்கொள்ளலாம். இந்த ஆப் கணக்கை மகள் காலேஜுக்கு என்று மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கான பதிலைப் போட்டான்.

எவ்வளவு நஷ்டம் தாங்குவீங்கன்னு 10, 20, 30 சதவீதம்னு கொடுத்திருக்கான். எனக்கு எது தாங்கும்னு எப்படித் தெரியும்?

சதவீதத்தை ரூபாயாக மாற்றுங்கள். எல்லோரும் தடுமாறும் இடம் இது. 20 சதவீதம் என்றால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 15 லட்சத்தில் 20 சதவீதம் 3 லட்சம். காலையில் லோக்கலில் போகும்போது ஆப்பைத் திறக்கிறீர்கள், 15 என்று இருந்த இடத்தில் 12 இருக்கிறது, பக்கத்தில் சிவப்பில் மைனஸ் 3,00,000. இது எத்தனை மாதச் சம்பளம், எத்தனை மாத வாடகை என்று பாருங்கள். அப்படிப் பார்த்த பிறகும் மறுநாள் வேலையைப் பார்க்க முடியும் என்றால் அந்த எண் உங்களுடையது.

அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கணக்குப் போடலாம். சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டு அதே வருஷம் அக்டோபர் 27 அன்று 8,500 பக்கத்தில் முடிந்தது, ஏறக்குறைய 60 சதவீதம் இறக்கம். 2020இல் ஜனவரியில் 42,000க்கு மேல் போனது மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே வந்தது, சுமார் 38 சதவீதம். அதனால் ஈக்விட்டியில் போடும் பங்கு ஒரு கட்டத்தில் பாதியாகலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது என் வழக்கம். உங்களிடம் 10 லட்சம் இருக்கிறது, 2 லட்சம் குறைந்தால் தாங்கும் என்றால், 2 லட்சம் எதன் பாதி? 4 லட்சத்தின் பாதி. அப்படியானால் ஈக்விட்டியில் 4 லட்சம், மொத்தத்தில் 40 சதவீதம். உங்கள் பதில் ‘20 சதவீதம்’ என்ற கட்டத்தில் வரும். ஆப் அதைப் பார்த்து 70 சதவீதம் ஈக்விட்டி என்று காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

விழுந்தது எவ்வளவு நாள் அப்படியே இருக்கும் என்பதும் சேர்ந்ததுதான். 2020இல் இறங்கியது நவம்பருக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 2008இல் விழுந்தது 2010 நவம்பரில் ஒரு முறை 21,000ஐத் தொட்டுவிட்டு மறுபடி இறங்கியது, அதைத் தாண்டி நிலைக்க 2013 கடைசிக்கு மேல் ஆனது. கிட்டத்தட்ட ஆறு வருஷம். மேலே சித்தி மகனின் மூன்று வருஷப் பணத்துக்கு ஈக்விட்டி வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

‘சந்தை 20% விழுந்தா என்ன செய்வீங்க’ன்னு ஒரு கேள்வி. ‘இன்னும் வாங்குவேன்’னு போட்டேன். சரிதானே?

வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்தில் மிச்சம் இருக்கிறதா, அல்லது எஃப்டியை உடைக்க வேண்டுமா? மிச்சமே இல்லாதவர் ‘இன்னும் வாங்குவேன்’ என்று போட்டால் அது மனதில் இருக்கும் ஆசை, நடக்கப்போவது அல்ல. சந்தை நன்றாக விழும் காலத்தில் வேலை போவதும் இன்க்ரிமெண்ட் நிற்பதும் சேர்ந்தே வரும் என்பதை 2020இல் பார்த்தோம்.

ஏற்கெனவே முதலீடு செய்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பதில் உங்கள் ஸ்டேட்மெண்டிலேயே இருக்கிறது. எல்லா ஃபண்டுகளையும் சேர்த்துக் காட்டும் தொகுப்பு ஸ்டேட்மெண்டை காம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் பதிவு செய்த மெயில் முகவரியும் பான் எண்ணும் கொடுத்து வரவழையுங்கள். 2024 செப்டம்பர் கடைசியில் 26,000க்கு மேல் இருந்த நிஃப்டி 2025 மார்ச் முதல் வாரத்தில் 22,000 பக்கம் வந்தது. அந்த ஐந்து மாதமும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். எஸ்ஐபி ஓடியதா, நிறுத்தினீர்களா, பிப்ரவரியில் ஏதாவது ரிடீம் செய்தீர்களா? எங்கள் மாடியில் இருக்கும் ஒருவர் ‘இன்னும் வாங்குவேன்’ என்று டிக் செய்திருந்தார், ஸ்டேட்மெண்டில் பார்த்தால் இரண்டு எஸ்ஐபியை நிறுத்தி ஒன்றைப் பாதி எடுத்திருந்தார். அது வெறும் 16 சதவீத இறக்கம்தான். பதிலை ‘கொஞ்சம் விற்பேன்’ என்று மாற்றினார், ‘மாடரேட்’ வந்தது, அவருக்கு அதுதான் சரி.

ஏ, பி, சின்னு மூணு போர்ட்ஃபோலியோ காட்டி எதைத் தேர்ந்தெடுப்பீங்கன்னு கேக்கறான். சி-ல லாபம் நிறைய இருக்கே?

நல்ல வருஷத்து எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, மோசமான வருஷத்து எண்ணை மட்டும் பாருங்கள். ஏ-க்கு 3 சதவீத லாபம், பி-க்கு 8 சதவீத நஷ்டம், சி-க்கு 25 சதவீத நஷ்டம் என்று இருந்தால், மேலே சொன்னபடி அதை ரூபாயாக்கிப் பிடித்ததை எடுங்கள். கையை எடுத்த பிறகு மனம் மாறினால் முதலில் எடுத்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டமே வேண்டாம்னு போட்டேன், டெட் ஃபண்ட் காட்டுது. அதுல நஷ்டம் வராதுதானே?

வரலாம். ஈக்விட்டி அளவுக்கு வராது, ஆனால் ‘வரவே வராது’ என்று சொல்ல முடியாது. வட்டி விகிதம் ஏறினால் நீண்டகாலக் கடன்பத்திரங்கள் வைத்திருக்கும் ஃபண்டின் மதிப்பு இறங்கும். கடன் வாங்கிய நிறுவனம் திருப்பிக் கொடுக்காவிட்டாலும் இறங்கும். 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு டெட் ஃபண்டுகளை மூடியது. அதில் இருந்தவர்களுக்குப் பணம் பிறகு தவணை தவணையாக வந்தது, ஆனால் அன்றைக்குத் தேவைப்பட்டவரால் எடுக்க முடியவில்லை.

ஒரு ரூபாய்கூடக் குறையக்கூடாது என்பது உண்மையிலேயே உங்கள் பதில் என்றால், அந்தப் பணத்துக்கு வங்கி எஃப்டி இருக்கிறது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடும் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. ஃபண்ட்தான் வேண்டுமென்றால் 91 நாளுக்குள் முதிர்வடையும் பத்திரங்களை மட்டும் வாங்கும் லிக்விட் ஃபண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘மாடரேட்’ வந்துச்சு. ஆனா இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கப் போனா ‘உங்க ப்ரொஃபைலுக்குப் பொருந்தாது’ன்னு சிவப்புல வருது. பதிலை மாத்திடட்டுமா?

மாற்றாதீர்கள். முதலில் ஏன் அப்படி வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் ரிஸ்க்கோமீட்டர் உண்டு, 2021 ஜனவரி முதல் அதில் ஆறு படிகள், ‘லோ’வில் தொடங்கி ‘வெரி ஹை’ வரை. மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். ஈக்விட்டி ஃபண்டுகள் அநேகமாக எல்லாமே ‘வெரி ஹை’யில்தான் நிற்கும், சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டும் அதில்தான். ஆப் உங்கள் ‘மாடரேட்’டை அந்த ஒரு ஃபண்டின் ‘வெரி ஹை’யோடு நேருக்கு நேர் ஒப்பிடுகிறது. மொத்தத்தில் 40 சதவீதம் மட்டும் ஈக்விட்டி வைக்கப்போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. 10 லட்சத்தில் 4 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்ட், 6 லட்சம் லிக்விட் ஃபண்ட் என்றால் மொத்தமாகப் பார்க்கும்போது அது மாடரேட்டுக்குள்தான் இருக்கிறது.

அதனால் நஷ்டக் கேள்வியில் நீங்கள் கண்டுபிடித்த ஈக்விட்டி அளவுக்குள் வாங்குகிறீர்கள் என்றால் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தொடரலாம். ஆனால் அங்கே டிக் செய்வது ‘என் ப்ரொஃபைலுக்கு மீறியது என்று தெரிந்தே வாங்குகிறேன்’ என்ற ஒப்புதல். நாளைக்கு யாரிடமாவது தவறாக விற்றார்கள் என்று முறையிட்டால் முதலில் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே அந்த அளவைத் தாண்டும்போது அதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பதிலைப் பொய்யாக மாற்றி ‘அக்ரசிவ்’ ஆக்கிக்கொண்டால் எச்சரிக்கை வருவது நின்றுவிடும். அப்புறம் முகப்பில் ஸ்மால் கேப், செக்டர் ஃபண்டுகள் வரிசையாக வரும், தடுக்க ஒன்றும் இருக்காது.

பேங்க்ல ரிலேஷன்ஷிப் மேனேஜரே எல்லாம் நிரப்பிட்டாங்க, நான் ஓடிபி மட்டும் சொன்னேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் அத்தைக்கு இது நடந்தது. வயது 61, மாமாவின் பிஎஃப் பணம் வந்தது, வங்கிக்குப் போனார். அங்கே ஒரு பெண் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே டிக் செய்துகொண்டு போனாள், அத்தை மூன்று ஓடிபி சொன்னார், வீட்டுக்கு வந்தார். மெயிலில் வந்த காகிதத்தை நான் திறந்து பார்த்தால் கால அளவு ‘7 வருஷத்துக்கு மேல்’, நஷ்டத் தாங்கல் ‘25 சதவீதம்’, அனுபவம் ‘5 வருஷம்’. அவர் வாழ்க்கையில் எஃப்டி தவிர எதுவும் போட்டதில்லை. அந்தப் பதில்களை வைத்துத்தான் மிட் கேப் ஃபண்டில் 6 லட்சம் போயிருந்தது.

நீங்களும் மெயிலில் அந்த விவரத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் கிளைக்கு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பதில் தவறு என்று தேதி போட்டு மெயில் அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள். புதிதாக நீங்களே நிரப்புங்கள். வங்கி சரியான பதில் தராவிட்டால் ஃபண்ட் நிறுவனத்துக்கு எழுதலாம், அதற்கும் மேல் செபியின் ஸ்கோர்ஸ் தளம் (scores.sebi.gov.in) இருக்கிறது. வாங்கியதை வெளியே எடுக்கும் முன் எக்ஸிட் லோட் பாருங்கள், பல ஈக்விட்டி ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம் பிடிப்பார்கள். அத்தை அந்த 6,000 சொச்சத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

அப்பாவுக்கு 68, ரயில்வே பென்ஷன். வயசைப் போட்டவுடனே ‘கன்சர்வேடிவ்’னு வந்துடுது. ஆனா அந்தப் பணம் அவருக்கு வேண்டாம், பேரனுக்குத்தான். இப்ப என்ன பண்றது?

வயதுக்கு மதிப்பெண் குறைப்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியானதுதான், ஏனென்றால் சம்பளம் நின்றவர் நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது. உங்கள் அப்பாவுக்குப் பென்ஷன் வீட்டுச் செலவுக்குப் போதும், மருத்துவத்துக்குத் தனியாகப் பணம் இருக்கிறது என்றால் அவரால் ஈடுகட்ட முடியும். ஆக இது வயதைத் தாண்டிய கேஸ். ஆனால் வயதை மாற்றவோ மறைக்கவோ முடியாது, கூடவும் கூடாது. சிவப்பு எச்சரிக்கை பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ஒன்று மட்டும் அவரிடம் நேரில் கேளுங்கள். பேரனுக்கு என்று வைத்த 5 லட்சம் 3 லட்சமாக இறங்கினால் அவருக்குத் தூக்கம் வருமா? தாங்கும் சக்தி பென்ஷனால் இருக்கலாம், தாங்கும் மனசு வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் பதில். மகன் சொல்கிறானே என்று அவர் சரி என்று சொல்லிவிடக்கூடும், அதனால் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எனக்கு 10 சதவீதமே அதிகம், வீட்டுக்காரருக்கு 30 ஓகேங்கறார். யார் பதிலைப் போடறது?

தனித்தனிக் கணக்கு, தனித்தனி பான், அவரவர் பணத்துக்கு அவரவர் பதில். வீடு, பிள்ளை படிப்பு மாதிரி இருவருக்கும் பொதுவான இலக்குக்கு உங்கள் 10 சதவீதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பயப்படுகிறவர் ஒருவர் இருந்தால், சந்தை விழும் மாதத்தில் வீட்டில் நடக்கும் பேச்சில் கடைசியில் ரிடீம் பட்டனை அழுத்த வைப்பது அந்தப் பயம்தான்.

மார்க்கெட் விழுந்துட்டே இருக்கு. இப்போ ப்ரொஃபைலை ‘கன்சர்வேடிவ்’னு மாத்தினா பணம் தப்பிக்குமா?

பதிலை மாற்றினால் ஏற்கெனவே வாங்கிய ஃபண்ட் எதுவும் தானாக விற்காது. இனிமேல் என்ன காட்டுவது என்பதுதான் மாறும். விற்பதென்றால் நீங்கள் தனியாக ரிடீம் செய்ய வேண்டும்.

வாழ்க்கையில் ஏதாவது மாறியிருந்தால் உடனே மாற்றுங்கள். வேலை போனது, புதிதாகக் கடன் எடுத்தது, அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பெரிய செலவு வந்தது, வீடு வாங்கும் தேதி முன்னால் வந்தது, இவையெல்லாம் காரணங்கள். சந்தை மட்டும்தான் மாறியது என்றால், இப்போதைய பயத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஓரிரு மாதம் கழித்து, சந்தை கொஞ்சம் அடங்கிய பிறகு படிவத்தைத் திறங்கள். அப்போதும் இதே பதில்தான் வருகிறது என்றால் அது உங்கள் உண்மையான பதில், அப்போது மாற்றுங்கள். சந்தை ஏறும்போது ‘அக்ரசிவ்’ என்று மாற்றத் துடிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மூணு வருஷத்துல 10 லட்சம் வேணும். மாசம் 20,000தான் போட முடியும். எஃப்டில போட்டா வராது. அப்போ ‘அக்ரசிவ்’ போட்டுத்தானே ஆகணும்?

மாதம் 20,000 வீதம் 36 மாதம் போட்டால் உங்கள் பணம் 7.2 லட்சம். 6.5 சதவீதம் கிடைத்தால் சுமார் 7.9 லட்சம் ஆகும். 10 லட்சம் ஆக வேண்டுமென்றால் வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேல், அதுவும் மூன்று வருஷமும் விடாமல் கிடைக்க வேண்டும். உங்களுக்குத் தேவை இருப்பதால் சந்தை கொடுத்துவிடாது. படிவம் கேட்பது நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்பதைத்தான், உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அல்ல. இந்தப் பணத்தை 2008 மாதிரி ஒரு வருஷத்தில் பாதியாக்கிக்கொண்டால் 7.9 லட்சமும் இல்லாமல் போகும்.

மாற்ற முடிந்தவை இரண்டு. தேதியைத் தள்ளலாம், அதே 20,000, அதே 6.5 சதவீதம், 45ஆவது மாதத்தில் 10 லட்சம் வந்துவிடும், அதாவது ஒன்பது மாதம் கூடுதல். தேதியைத் தள்ள முடியாது என்றால் மாதம் 25,200 போட வேண்டும், 5,200 எங்கே குறைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டும் முடியாது என்றால் 10 லட்சத்தை 8 என்று குறைத்துத் திட்டம் போடுங்கள். எதைச் செய்தாலும் படிவத்தில் கால அளவு ‘3 வருஷம்’, நோக்கம் ‘முதல் பாதுகாப்பு’ என்றுதான் போகும்.